தவணையிலிருந்து கடனுக்கு: வங்கி போடும் தலைகீழ்க் கணக்கு

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டின் விலையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "முப்பத்தெட்டு லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கோம் சார், முப்பது லட்சம் லோன் வேணும்." மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் கணக்கை அங்கே தொடங்க மாட்டார். அவருடைய கேள்விகள் வேறு: "மாசம் எவ்வளவு வருது? வேற என்னென்ன லோன் ஓடுது?"

இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் போதும், அவர் தாளில் போடும் கணக்கு கீழிருந்து மேலே ஏறும். இவரால் மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்பதை முதலில் முடிவு செய்வார். அந்தத் தவணைக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது கடைசி வரியில்தான் வரும். வீட்டின் விலைக்கு இந்தக் கணக்கில் இடம் உண்டு, ஆனால் அது ஒரு தனி வேலி. அதைப் பிறகு பார்ப்போம்.

மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை எல்லாக் கடன் தவணைகளுக்கும் போகலாம் என்பதற்கு ஒவ்வொரு வங்கியும் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வங்கிக்காரர்கள் இதை எஃப்.ஓ.ஐ.ஆர். என்பார்கள். நிலையான கடமைகளுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் என்று பொருள். இந்த வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். நாற்பதிலிருந்து அறுபது சதவீதத்துக்குள் பெரும்பாலும் நிற்கும். வீட்டுக்கடனுக்கு இத்தனை சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கி ஒரே எண்ணை விதிக்கவில்லை. அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட கொள்கைதான் சட்டம். ஆனால் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு மட்டும் ரிசர்வ் வங்கியே கோடு போட்டிருக்கிறது. 2022 ஏப்ரல் முதல், ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் அத்தகைய கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

சம்பளம் கூடக் கூட வங்கி அனுமதிக்கும் சதவீதமும் கூடும். பணக்காரருக்குச் சலுகை என்று இதைக் கேட்டதும் தோன்றும். ஆனால் இதில் நியாயம் இருக்கிறது. 25,000 ரூபாய் சம்பாதிப்பவரிடம் பாதியைத் தவணையாக வாங்கிவிட்டால் மிச்சம் 12,500. அதில்தான் அரிசி, பால், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம். 2 லட்சம் சம்பாதிப்பவரிடம் பாதியை வாங்கினாலும் ஒரு லட்சம் நிற்கிறது. ஒரு குடும்பத்தின் அடிப்படைச் செலவு சம்பளத்தோடு சேர்ந்து அதே வேகத்தில் வளர்வதில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஊழியரை எடுத்துக்கொள்வோம். வயது 38, ஓய்வு பெறும் வயது 58. சம்பளச் சீட்டில் மொத்தம் 72,000 ரூபாய் என்று இருக்கிறது. அதில் 64,000 நிலையான சம்பளம். மீதி 8,000 ஓவர்டைம், மாதா மாதம் ஏறி இறங்கி ஆறு மாதச் சராசரியில் வருவது. பிடித்தங்களில் பி.எஃப். 4,000, ஊழியர் சொசைட்டிக் கடனுக்கு 3,000. ஆக வங்கிக் கணக்கில் விழுவது 65,000.

இந்த மூன்று எண்களில் வங்கி எதை வருமானமாக எடுக்கும்? மூன்றையும் எடுக்காது. நிலையான சம்பளத்தில் பி.எஃப். போக 60,000 உறுதியான வருமானம். ஓவர்டைம் உறுதியில்லாதது என்பதால் சராசரியில் பாதியைச் சேர்ப்பது பல வங்கிகளில் வழக்கம். அது 4,000. ஆக 64,000. சொசைட்டித் தவணை 3,000 ரூபாயை இங்கே கழிக்கக்கூடாது. அது கடன், கடன்களின் பட்டியலில்தான் அதற்கு இடம். அவசரத்தில் கணக்கில் விழுந்த தொகையை அப்படியே வருமானமாக எழுதிவிட்டு, சொசைட்டித் தவணையை மறுபடியும் கடன் பட்டியலில் சேர்த்தால், ஒரே 3,000 இரண்டு முறை அடிபடும். அந்தத் தவறால் ஒன்றே முக்கால் லட்சம் வரை தகுதி குறைந்துபோகலாம். உங்கள் விண்ணப்பத்தில் எந்த எண்ணை வருமானமாக எடுத்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வங்கியின் வரம்பு 50 சதவீதம் என்று வைப்போம். 64,000 ரூபாயில் பாதி 32,000. ஏற்கெனவே ஓடும் கடன்களும் புது வீட்டுக்கடனும் சேர்ந்து இந்த 32,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும்.

இப்போது அந்தத் தவணையை எப்படிக் கடனாக மாற்றுவது? இதற்கு வங்கியில் எல்லோரும் வைத்திருக்கும் ஒரு சின்ன எண் உண்டு: ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அது 868 ரூபாய். கட்டக்கூடிய தவணையை இந்த 868 ஆல் வகுத்தால், கிடைக்கும் எண் எத்தனை லட்சமோ அதுதான் கடன். நம் ஊழியருக்கு வேறு கடனே இல்லையென்றால் 32,000 ரூபாயை 868 ஆல் வகுக்க, சுமார் 36 லட்சத்து 87 ஆயிரம் வரும்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு: "சம்பளத்தைப் போல அறுபது மடங்கு லோன் கிடைக்கும்." அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பாதிச் சம்பளம், 20 ஆண்டு, எட்டரை வட்டி என்றால் விடை சம்பளத்தைப்போல் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு மடங்கு வரும். அதை அறுபது என்று முழுதாக்கிவிட்டார்கள். பொய்யில்லை, ஆனால் ஒரு பைசா கடன் இல்லாதவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஓசூர்க்காரருக்குக் கடன்கள் இருக்கின்றன. யாருக்குத்தான் இல்லை. சொசைட்டிக்கு 3,000 போகிறது. பைக் தவணை 3,500, இன்னும் எட்டு மாதம். ஃப்ரிட்ஜ் வாங்கிய தவணை 2,000, இன்னும் நான்கு மாதம். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பெர்சனல் லோனுக்கு 6,000. அது இன்னும் 30 மாதம் ஓடும். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி. கார்டுக்குத்தான் தவணை கிடையாதே என்று அவர் நினைக்கிறார். வங்கி அப்படி விடாது. கார்டுப் பாக்கியில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுப்பது பரவலான வழக்கம், ஆக 2,000.

கூட்டினால் 16,500. பாதிச் சம்பளமான 32,000 ரூபாயில் இது போக மிச்சம் 15,500. அதை 868 ஆல் வகுத்தால் 17 லட்சத்து 86 ஆயிரம். முப்பது லட்சம் கேட்டு வந்தவருக்குப் பதினெட்டு லட்சம்கூட இல்லை. "சம்பளம் நல்லாத்தானே வருது" என்று அவர் கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

மாதம் ஆயிரம் ரூபாய் தவணை, இருபது ஆண்டு வீட்டுக்கடன் தகுதியில் 1 லட்சத்து 15 ஆயிரம் ரூபாயைத் தின்றுவிடுகிறது. ஃப்ரிட்ஜுக்கு இன்னும் கட்ட வேண்டியது மொத்தமே 8,000 ரூபாய்தான். ஆனால் அந்த 2,000 ரூபாய்த் தவணை பட்டியலில் உட்கார்ந்திருப்பதால் 2 லட்சத்து 30 ஆயிரம் கடன் குறைகிறது. நான்கு மாதத்தில் தீரப்போகும் ஒன்றை, இருபது ஆண்டுக்கு ஓடப்போவதுபோல் விகிதம் பார்க்கிறது. அந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரிவது மாதத் தவணை மட்டுமே. பாக்கித் தொகையும் மீதி மாதங்களும் தெரிவதில்லை.

இதை வங்கிகளும் அறியும். அதனால் இன்னும் சில தவணைகளே மீதமிருக்கும் கடன்களைப் பட்டியலிலிருந்து விட்டுவிடும் வங்கிகள் உண்டு. சிலவற்றில் ஆறு தவணைக்குள் என்பது எல்லை, வேறு சிலவற்றில் பன்னிரண்டு. ஆகவே அவசரப்பட்டு முன்கூட்டியே கட்டி முடிப்பதற்கு முன், "மீதி எத்தனை தவணை இருந்தால் கணக்கில் எடுக்க மாட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியிலேயே ஃப்ரிட்ஜும் பைக்கும் பட்டியலைவிட்டு இறங்கிவிடலாம்.

இறங்காவிட்டால் எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமான கடனை முதலில் அடை என்பது பொதுவான புத்திமதி. சேமிப்புக்கு அதுவே சரி. ஆனால் கடன் தகுதியை ஏற்றுவதற்கு வேறு வரிசை. ஃப்ரிட்ஜை 8,000 ரூபாயில் முடித்தால் 2 லட்சத்து 30 ஆயிரம் தகுதி கூடுகிறது. பைக்கை முடிக்கச் சுமார் 27,000 ஆகும். கூடுவது 4 லட்சம். கார்டுக்கு 40,000 கட்டினால் 2 லட்சத்து 30 ஆயிரம். பெர்சனல் லோனில் இன்னும் ஒன்றரை லட்சம் அசல் நிற்கிறது. அதைக் கட்டினால் கூடுவது 6 லட்சத்து 90 ஆயிரம். போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய் தகுதி என்று பார்த்தால் ஃப்ரிட்ஜ் முதலில் நிற்கிறது, பைக் அடுத்து, பெர்சனல் லோன் வெகு பின்னால். கார்டு தகுதியில் நடுவில் நின்றாலும், அதன் வட்டியைப் பார்த்தால் எப்படியும் அடைத்தே ஆக வேண்டியது.

அடைத்ததோடு வேலை முடிவதில்லை. கடன் முடிந்துவிட்டது என்ற தகவல் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையில் ஏற வேண்டும். கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. அதற்குமுன் மாதம் ஒருமுறை என்றிருந்தது. இன்றைக்குக் கட்டிவிட்டு நாளைக்கே விண்ணப்பம் கொடுத்தால் அறிக்கையில் பழைய தவணை அப்படியே நிற்கும். பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டால் அதைக் காட்டிப் பேசலாம். பைக் கடன் என்றால் ஆர்.சி.யில் உள்ள நிதி நிறுவனத்தின் பெயரையும் நீக்க வேண்டும்.

மறைத்துப் பார்க்கலாமா என்று நினைப்பவர்களும் உண்டு. விண்ணப்பத்தில் எழுதாத கடன் இரண்டு வழிகளில் வெளியே வரும். ஒன்று சிபில் அறிக்கை. இன்னொன்று வங்கிக் கணக்கின் ஆறு மாத அல்லது ஓராண்டு வரவு செலவு. மாதா மாதம் ஐந்தாம் தேதி ஏதோ ஒரு நிதி நிறுவனத்துக்கு 3,500 ரூபாய் தானாகப் போயிருந்தால், பார்க்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது. தகுதி குறைவது ஒரு பக்கம் இருக்கட்டும்; எழுதாமல் விட்டது தெரிந்தால் விண்ணப்பமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

மறைக்காமலே மறந்துபோகும் கடன்கள்தான் அதிகம் தொல்லை தருகின்றன. மச்சானின் கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். அது இவர் அறிக்கையிலும் இருக்கும். மச்சான் ஒழுங்காகக் கட்டுகிறார் என்றால் சில வங்கிகள் விட்டுவிடும், சில அந்தத் தவணையையும் இவர் தலையில் ஏற்றும். தம்பியோடு சேர்ந்து எடுத்த கடனில் பாதிதானே நம்முடையது என்று இவர் நினைப்பார். வங்கிக்கு அது முழுத் தவணை. கல்விக் கடனுக்கு இன்னும் தவணை தொடங்கவில்லை என்றாலும், தொடங்கப்போகும் தவணையைச் சில இடங்களில் இப்போதே கணக்கில் எடுப்பார்கள். வங்கிக்குப் போவதற்கு முன்பே சொந்த அறிக்கையை வாங்கி ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

ஓசூர்க்காரர் 75,000 ரூபாய் செலவழித்து ஃப்ரிட்ஜ், பைக், கார்டு மூன்றையும் முடித்துவிடுகிறார் என்று வைப்போம். மீதமிருக்கும் கடமை சொசைட்டியும் பெர்சனல் லோனும், 9,000. அவருடைய தகுதி பதினேழு லட்சத்து எண்பத்தாறிலிருந்து இருபத்தாறரை லட்சத்துக்கு ஏறுகிறது. இன்னும் முப்பது வரவில்லை.

இந்த இடத்தில் வங்கி அதிகாரி சொல்லும் அடுத்த வழி பெரும்பாலும் ஆண்டுகளை நீட்டுவது. 30 ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கான தவணை 868 ரூபாயிலிருந்து 769 ஆகக் குறையும்; அதே தவணைக்கு அதிகக் கடன் வரும். நம்மவருக்கு 58 வயதில் ஓய்வு என்பதால் இந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. திறந்திருப்பவர்களும் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு நுழையலாம். மாதம் 15,500 ரூபாய் தவணைக்கு 20 ஆண்டில் கிடைப்பது 17 லட்சத்து 86 ஆயிரம் என்று பார்த்தோம். 30 ஆண்டில் அது 20 லட்சத்து 16 ஆயிரம் ஆகும். கூடுதலாகக் கிடைத்தது 2 லட்சத்து 30 ஆயிரம். அதற்காக அந்த 15,500 ரூபாயை இன்னும் பத்து ஆண்டு கட்ட வேண்டும். அது 18 லட்சத்து 60 ஆயிரம். ஆண்டு நீளும்போது தகுதி கொஞ்சமாகத்தான் கூடும், ஏனென்றால் நீட்டிய தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது.

அடுத்த வழி, மனைவியைச் சேர்ப்பது. அவர் தனியார் பள்ளி ஆசிரியை, 15,000 சம்பளம், வங்கிக் கணக்கில் வருகிறது என்று வைப்போம். கையில் ரொக்கமாக வாங்கினால் அந்தச் சம்பளத்தை வங்கி நம்பாது. அவர் இணை விண்ணப்பதாரராகச் சேர்ந்தால் வருமானம் 79,000, அதில் பாதி 39,500. கடமை 9,000 போக 30,500. தகுதி 35 லட்சத்துக்கு மேல் போகிறது. ஆனால் அவர் சேரும்போது அவருடைய வருமானம் மட்டும் வருவதில்லை, அவர் கடனும் கூடவே வரும். அவர் பெயரில் மகளிர் குழுக் கடனோ நகைக்கடனோ இருந்தால் அதையும் எடுத்து வைப்பார்கள்.

தொழில் செய்பவர்களுக்கு விகிதம் அதேதான்; வருமானம் எது என்பதில்தான் தகராறு. கடையில் மாதம் ஒரு லட்சம் மிஞ்சினாலும் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 5 லட்சம் என்று காட்டியிருந்தால் வங்கி அந்த 5 லட்சத்தைத்தான் பார்க்கும். வரியில் மிச்சம் பிடித்தது கடனில் போகும்.

இப்போது அந்த வேலிக்கு வருவோம். வருமானப்படி எவ்வளவு தகுதி இருந்தாலும், வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேல் 75 சதவீதம். வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் என்றால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த மதிப்பில் சேர்க்க முடியாது. அதைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். 38 லட்சம் வீட்டுக்கு 3 லட்சத்து 42 ஆயிரம்.

ஆக இந்தக் குடும்பத்துக்கு இரண்டு உச்சவரம்புகள். வருமானப்படி 35 லட்சம். வீட்டின் மதிப்புப்படி 38 லட்சத்தில் 80 சதவீதமான 30 லட்சத்து 40 ஆயிரம். எது குறைவோ அதுதான் செல்லும். அவர்களிடம் சேமிப்பு 12 லட்சம் இருந்தது. சில்லறைக் கடன்களை அடைக்க 75,000 போனது, பத்திரச் செலவு போக வீட்டுக்கென்று மிஞ்சுவது 7 லட்சத்து 83 ஆயிரம். தேவைப்படும் கடன் 30 லட்சத்து 17 ஆயிரம். வேலிக்குள் ஏறக்குறைய உரசிக்கொண்டு அடங்குகிறது. பெர்சனல் லோனையும் சேமிப்பிலிருந்து அடைத்திருந்தால் வருமானத் தகுதி ஏறியிருக்கும். ஆனால் கையிருப்பு குறைந்து, தேவைப்படும் கடன் 30 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டி, வீட்டின் மதிப்பில் தடுக்கியிருக்கும். எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு வருவதே எப்போதும் சரி என்று சொல்ல முடியாமல் இருப்பது இதனால்தான்.

இதே வீட்டுக்கு விற்பவர், "பத்திரத்தில் முப்பது லட்சம் போட்டுக்கலாம், மீதி எட்டைக் கையில கொடுத்திடுங்க" என்று சொன்னால்? அது சட்டவிரோதம் என்பது ஒரு புறம். கடன் கணக்கிலும் அது உதைக்கும். வங்கி பத்திர மதிப்பையும் தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பையும் ஒப்பிட்டுப் பெரும்பாலும் குறைவானதையே எடுக்கும். 30 லட்சத்தில் 90 சதவீதம் 27 லட்சம்தான். பத்திரச் செலவில் மிச்சமாவது 72,000. கடனில் குறைவது மூன்று லட்சத்துக்கும் மேல்.

கணக்கு கூடிவந்துவிட்டது. தவணை சுமார் 26,190. பழைய கடன்களோடு 35,190. வருமானம் 79,000 ரூபாயில் இது 45 சதவீதம்கூட இல்லை. வங்கியின் கண்ணில் இது சுத்தமான விண்ணப்பம். கடன் கிடைத்துவிடும்.

ஆனால் கிடைக்கும் என்பதும் தாங்கும் என்பதும் ஒன்றல்ல. விகிதத்துக்குத் தெரிந்த கடமைகள் கடன் நிறுவனங்களின் அறிக்கையில் இருப்பவை மட்டுமே. இவர்கள் மாதம் 5,000 ரூபாய்க்குச் சீட்டு போடுகிறார்கள். எடுத்த சீட்டு என்றால் அது கடனேதான். ஊரில் அப்பா அம்மாவுக்கு 6,000 அனுப்புகிறார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 50,000, மாதத்துக்குப் பிரித்தால் 4,200. அடகுக் கடையில் வைத்த நகை, உறவில் வாங்கிய கைமாற்று, எதுவும் அந்தத் தாளில் ஏறாது. சீட்டு, பெற்றோர், பள்ளி மூன்றும் மட்டும் 15,200.

ஓவர்டைம் முழுதாக வந்து மனைவியும் வேலைக்குப் போனால் கையில் 83,000. தவணைகளும் இந்த மூன்றும் போக வீட்டுச் செலவுக்கு 32,600 நிற்கும். சமாளிக்கலாம். ஓவர்டைம் நின்று, மனைவியும் வேலையை விட நேர்ந்தால் வருவது 60,000 மட்டும். எல்லாம் போக 9,600. ஒரு குடும்பம் மாதத்தைக் கடத்த அது போதாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓவர்டைம்தான். தனியார் பள்ளி ஆசிரியை ஒரு பிரசவத்துக்கோ மாமியாரின் நோய்க்கோ வேலையை விடுவதும் நடக்கிற கதை.

இதற்கு மேல் வட்டி இருக்கிறது. இந்த வீட்டுக்கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டியில் ஓடுபவை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரிக்குள் படிப்படியாக 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. அப்போது நடந்ததை எண்ணில் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு ஒரு லட்சம் கடன் எடுத்தவரின் தவணை 760 ரூபாய். வட்டி இரண்டரை சதவீதம் ஏறி 9.25 ஆனதும், அந்த லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 771 ரூபாய். தவணையை மாற்றாமல் ஆண்டுகளை நீட்டலாம் என்றால் எத்தனை ஆண்டு நீட்டினாலும் தீராது. கட்டுவது வட்டிக்கே பற்றாமல் அசல் ஏறிக்கொண்டு போகும். சற்று முன்னால் எடுத்தவர்களுக்குக் கடன் ஓய்வுக் காலத்தையும் தாண்டி நீண்டது.

அதன் பிறகுதான், 2023 ஆகஸ்டில், ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கடன் கொடுக்கும்போதே, பின்னால் வட்டி ஏறினால் தவணையை உயர்த்தவோ காலத்தை நீட்டவோ இடம் இருக்கும்படி கடனாளியின் திறனைக் கணிக்க வேண்டும். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்ற தேர்வை அவரிடம் கொடுக்க வேண்டும். அசல் ஏறிக்கொண்டே போகும் நிலைக்கு விடக்கூடாது என்று சொன்னது. விகிதத்தை உச்சத்தில் வைத்துக் கடன் கொடுத்தால் ஏற்றுவதற்கு இடம் எங்கே இருக்கும் என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

ஓசூர்க் குடும்பத்தின் 30 லட்சத்து 17 ஆயிரம் கடனுக்கு வட்டி எட்டரையிலிருந்து பதினொன்றுக்குப் போனால், தவணை 26,190 ரூபாயிலிருந்து 31,140 ஆகும். மாதம் ஏறக்குறைய 5,000 கூடுதல். ஓவர்டைம் நின்ற மாதத்தில் அந்த 5,000 எங்கிருந்து வரும் என்பதற்கு வங்கியின் தாளில் பதில் இல்லை.

ஆகவே வங்கியின் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அதே முறையில் வீட்டிலேயே இன்னொரு கணக்கைப் போடலாம். வருமானத்தில் நிச்சயமானதை மட்டும் எடுத்துக்கொள்வது: 60,000, மனைவியின் 15,000, ஓவர்டைமை விட்டுவிடலாம். மொத்தம் 75,000. சதவீதம் வேண்டாம், உண்மையான செலவை எழுதுவோம். வாடகை நின்றுவிடும், மற்ற வீட்டுச் செலவு 22,000. சீட்டு, பெற்றோர், பள்ளி 15,200. பழைய தவணைகள் 9,000. மிஞ்சுவது 28,800. இதை 868 ஆல் வகுக்காமல், 11 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு வரும் 1,032 ஆல் வகுத்தால் 27 லட்சத்து 90 ஆயிரம். வங்கி தருவது முப்பது சொச்சம், குடும்பம் தாங்குவது இருபத்தெட்டு.

மூன்று லட்சம்கூட இல்லாத இந்த வித்தியாசத்துக்கு வீட்டுக் கனவையே விட வேண்டியதில்லை. 35 லட்சத்தில் ஒரு வீடு கிடைத்தால் பத்திரச் செலவு 3 லட்சத்து 15 ஆயிரம், தேவைப்படும் கடன் 26 லட்சத்து 90 ஆயிரம். வீட்டுக் கணக்குக்குள் அடங்குகிறது. பார்த்த வீடே வேண்டும் என்றால் காத்திருக்கலாம். 30 மாதத்தில் பெர்சனல் லோன் தானாக முடியும். மாதம் 6,000 விடுபடும். அதற்குள் சீட்டும் முடிந்தால் இன்னும் நல்லது. விலை அதற்குள் ஏறிவிடும் என்ற பயம் நியாயமானது. அந்த முடிவை அவர்கள்தான் எடுக்க வேண்டும். கடன் எடுத்த பிறகு கையில் பணம் வந்தால் மாறும் வட்டி வீட்டுக்கடனில் முன்கூட்டிக் கட்டலாம். தனிநபருக்கு அதற்கு அபராதம் போட முடியாது.

எப்படியானாலும், ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் என் தவணை எவ்வளவு, எத்தனை வயது வரை கட்ட வேண்டியிருக்கும்? வட்டி மாற்றத்தால் என்ன ஆகும் என்பதை ஒப்புதல் நேரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்த 2023 சுற்றறிக்கை வங்கிகளைப் பணித்திருக்கிறது. இரண்டாவது, இந்தக் கடன் தொகைக்குள் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் அதற்கும் இருபது ஆண்டு வட்டி ஓடும். வீட்டுக்குப் போக வேண்டிய தகுதியில் ஒரு பங்கு பாலிசிக்குப் போயிருக்கும். 2024 அக்டோபர் முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு வங்கி தந்தாக வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் இந்தக் கட்டணங்களைச் சேர்த்த ஆண்டுச் செலவு சதவீதம் இருக்கும். வட்டி 8.5 என்று வாயால் சொல்லிவிட்டு அந்த அறிக்கையில் 9 என்று இருந்தால், நடுவில் உள்ள அரை சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.